கல்யாண மண்டபத்தில் அரிப்பு மாத்திரையும் ஒரு கட்டிங்கும்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

காங்கயம் பக்கம்

எங்கள் தாய்மாமாவுக்குப் பார்த்தீனியச் செடி ஆகாது. வரப்போரம் களை வெட்டினால் போதும், கழுத்தும் முழங்கையும் தடித்துச் சிவந்துவிடும். தோல் டாக்டர் ராத்திரி படுக்கும்போது மட்டும் போடச் சொல்லி ஹைட்ராக்சிசின் 25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். பங்காளி வீட்டுக் கல்யாணம், முகூர்த்தம் மறுநாள் விடியற்காலை. மண்டபத்தில் கூட்டம், வேர்வை, அரிப்பு தாங்க முடியாமல் மாமா அந்த மாத்திரையைச் சாயங்காலம் ஏழு மணிக்கே போட்டுக்கொண்டார். ஒன்பது மணி வாக்கில் வண்டி நிறுத்துமிடத்தில் சொந்தக்காரர்களோடு ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி பிராந்தி, சோடா கலந்து. குவார்ட்டர் குடித்தாலும் நிதானமாக நடந்து வருகிற மனுஷன் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்துட்டாங்களா கண்ணு" என்று கேட்டார், வந்துவிட்டார்கள் என்றேன், ரசம் வருவதற்குள் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். டம்ளரை எடுக்கப் போன கை டம்ளருக்குப் பக்கத்தில் இலை மேல் போய் விழுந்தது. பேச்சில் குழறல் இல்லை, கண்ணில் சிவப்பு இல்லை. "தூக்கம் வருதுங்களா மாமா?" என்றால் "எனக்கென்ன, தெளிவாத்தான் இருக்கறேன்" என்கிறார், அதை முழுசாக நம்பித்தான் சொல்கிறார். அப்புறம் தோட்டத்துக்குப் போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, பைக்கில் சாவியைத் துவாரத்துக்கு ஒரு விரல்கடை தள்ளியே குத்திக்கொண்டிருந்தார். அத்தை சாவியைப் பிடுங்கி வைத்ததால் தப்பித்தோம். அறையில் படுத்தவர் முகூர்த்தத்துக்கு எழுந்திருக்கவில்லை. எட்டு மணிக்கு எழுந்தும் கைப்பிடியைப் பிடித்துத்தான் படி இறங்கினார்.

எப்போதும் குடிப்பதில் பாதிதான் குடித்தார். அப்புறம் ஏன் இப்படி? உங்கள் வீடுகளிலும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

பெருந்துறை பழைய மருந்துக்கடை

முப்பது வருஷத்துக்கு மேல் கவுன்டரில் நின்றவன், ஒவ்வொரு கல்யாண மாதத்திலும் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். உங்கள் மாமாவின் நேரக் கணக்கைப் பாருங்கள், விஷயம் அதிலேயே இருக்கிறது. ஹைட்ராக்சிசின் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஏழுக்குப் போட்டது ஒன்பதுக்கு உச்சம், சரியாக அந்த நேரத்தில்தான் கட்டிங் உள்ளே போயிருக்கிறது.

ஹிஸ்டமின் தோலில் அரிப்பைக் கிளப்பும் பொருள் மட்டும் இல்லை, மூளைக்குள் நம்மை விழிப்பாக வைத்திருப்பதும் அதுதான். ஹைட்ராக்சிசின், குளோர்பெனிரமைன், பெனிரமைன் போன்ற பழைய ரக மாத்திரைகள் மூளைக்குள்ளும் புகுந்து அந்த விழிப்பைக் குறைக்கும். சாராயம் வேறு வழியாக மூளையை மந்தமாக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது பழகிய அளவு என்கிற கணக்கு செல்லாது, ஏனென்றால் அவர் உடம்பு பழகியது பிராந்திக்கு மட்டும்தான்.

காலையில் தள்ளாடியதற்கும் காரணம் இருக்கிறது. 90 மில்லி பிராந்தியில் சுமார் 30 கிராம் ஆல்கஹால். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும், ஆக விடியற்காலை ஒன்று இரண்டு மணிக்கெல்லாம் பிராந்தி போயிருக்கும். மாத்திரை அப்படி இல்லை. அதில் பாதி இறங்கவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குப் படியில் அவரைத் தள்ளாட வைத்தது மாத்திரைதான்.

"தெளிவாத்தான் இருக்கறேன்" என்றாரே, நான் பயப்படுவது அதற்குத்தான். 2000-இல் அமெரிக்காவின் அயோவாவில் கார் ஓட்டுவது போன்ற ஒரு இயந்திரத்தில் ஆட்களை உட்கார வைத்துப் பார்த்தார்கள். இதே பழைய ரகத்தில் ஒன்றான டைபென்ஹைட்ரமைன் 50 மில்லிகிராம் சாப்பிட்டவர்கள், போதை ஏறும் அளவுக்குக் குடித்தவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து யார் மோசமாக ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை. கவனியுங்கள், இரண்டையும் கலந்து கொடுக்கவில்லை. மாத்திரை தனியாகவே அந்த வேலையைச் செய்தது.

அவிநாசி ரோடு

இதெல்லாம் பழைய மாத்திரைக்குத்தான் அண்ணா. நான் தூசி அலர்ஜிக்கு சிட்ரிசின் போடுகிறேன், அது புது ரகம், மூளைக்குள் போகாது. போட்டுவிட்டு இரண்டு பீர் குடித்துவிட்டுத் திருப்பூரிலிருந்து வண்டி ஓட்டி வந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பெருந்துறை பழைய மருந்துக்கடை

தம்பி, புது ரகம் என்றது சரி. மூளைக்குள் போகாது என்றது சரியில்லை. பழையதைவிடக் குறைவாகப் போகும், அவ்வளவுதான். சிட்ரிசின் சாப்பிட்டால் சிலருக்கு ஒன்றுமே தெரியாது, சிலர் மத்தியானம் மெஷின் முன்னால் சாய்ந்துவிடுவார்கள், டையிங் பட்டறை ஆட்கள் எத்தனையோ பேர் கடையில் வந்து சொல்லி மாற்றி வாங்கிப் போயிருக்கிறார்கள். பெக்சோபெனடைன்தான் தூக்கத்துக்கு மிகக் குறைந்தது, அயோவாவில் அதைச் சாப்பிட்டவர்கள் மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களைப் போலவே ஓட்டினார்கள். ஆனால் பெக்சோபெனடைன் போட்டுவிட்டுக் குடித்தாலும் குடித்தது குடித்ததுதான். இரண்டு பீர் குடித்து வண்டி ஓட்டியதை மாத்திரையின் பெயரில் நல்லது என்று எழுத வேண்டாம்.

அவிநாசி ரோடு

வழியில் போலீஸ் ஊதச் சொன்னார்கள், அளவுக்குள்தான் காட்டியது.

பெருந்துறை பழைய மருந்துக்கடை

அந்தக் கருவி ஆல்கஹாலை மட்டும்தான் அளக்கும். சட்டத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்று வைத்திருப்பதும் ஆல்கஹாலுக்கு மட்டும்தான். உள்ளே இருக்கிற மாத்திரை அதில் வராது.

கோபி வாத்தியார்

எங்கள் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன், எழுபதைத் தாண்டியவர். பேத்தி கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பே சளி பிடித்துவிட்டது. கடையில் வாங்கிய சளி மாத்திரை, அதோடு இருமல் சிரப். இரண்டின் அட்டையிலும் குளோர்பெனிரமைன் மாலியேட் என்று போட்டிருந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட பிறகுதான் எடுத்துப் படித்தோம். மண்டபத்தில் பெரியவர்கள் சேர்ந்து, "சளிக்குக் கொஞ்சம் பிராந்தியில மொளகுத்தூள் போட்டுக் குடிங்க மாமா, தொண்டை திறந்துக்கும்" என்று 60 மில்லி கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் இதைக் குடி என்றே யாரும் நினைப்பதில்லை, மருந்து என்றுதான் கொடுக்கிறார்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் வாசற்படியில் கால் தூக்க மறந்து அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. கையை ஊன்றக்கூட இல்லை என்பதுதான் எனக்கு மனசை அறுக்கிறது, சாதாரணமாகத் தடுக்கினால் கை தானாக முன்னால் போகும் அல்லவா, அது போகவே இல்லை.

இன்னொன்று, அன்று சாயங்காலத்திலிருந்தே சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிறவர்களுக்கு அந்தச் சளி மருந்தே சிறுநீரை அடைத்துவிடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். முக்கி முக்கிப் பார்த்துவிட்டுத்தான் ராத்திரி திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறார்.

தாராபுரம் சகோதரி

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, அதனால் இந்தக் கேள்வி எங்களுக்கு இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் என் மாமியார் ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகும்போது வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, இறங்கின பிறகும் மதியம் வரை சேலை மடிப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரத்த அழுத்தமா என்று பயந்து சோதித்தோம், சரியாக இருந்தது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டோம்.

பெருந்துறை பழைய மருந்துக்கடை

மலைக்காற்று இல்லை அம்மா. பஸ்ஸுக்குப் போடும் வாந்தி மாத்திரைகளில் பலவும் இதே பழைய குடும்பம்தான், ப்ரோமெதசைன் அதில் ஒன்று. நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. வேனில் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி, போய் இறங்கியதும் குடிக்கிற ஆண்கள் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் அலர்ஜி மாத்திரை போட்டோம் என்று நினைக்கமாட்டார்கள்.

ஈரோடு சிஸ்டர் (ஓய்வு)

காங்கயம் தங்கச்சி, மாமாவை அறையில் படுக்க வைத்தீர்களே, எப்படிப் படுத்தார், யார் பக்கத்தில் இருந்தார்கள்? அவசர வார்டில் நான் பார்த்தவர்களில் பாதிப் பேரை "தூங்கட்டும், காலையில் சரியாயிடும்" என்று தனியாக அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள். மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய்விடும், இருமித் தள்ளும் அளவுக்கு விழிப்பு அப்போது இருக்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேலே இருக்கிற முழங்காலை மடக்கி முன்னால் வையுங்கள், உருண்டு மல்லாந்துவிட மாட்டார்.

தூக்கமா மயக்கமா என்று பார்க்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோள்பட்டைச் சதையை நன்றாகக் கிள்ளுங்கள். திட்டிக்கொண்டாவது கையைத் தட்டிவிட்டால் தூக்கம். முனகல்கூட இல்லையென்றால், அல்லது குறட்டை களகள என்று தண்ணீர் சத்தத்தோடு வந்தால், மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் நெடுநேரம் இடைவெளி விழுந்தால், உதடு நீலம் பூத்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கறுப்புக் காபியும் மோரும் வாயில் ஊற்ற வேண்டாம். காபி கண்ணைத் திறக்க வைக்கும், கை தடுமாறுவது அப்படியேதான் இருக்கும். மாத்திரை அட்டையை மறக்காமல் கையோடு கொண்டுவாருங்கள், என்ன போட்டார் என்று தெரியாமல் நாங்கள் தவித்த இரவுகள் உண்டு.

காங்கயம் பக்கம்

மல்லாக்கத்தான் படுத்திருந்தார் அக்கா. அத்தை பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாலும் இதெல்லாம் தெரியாது. டாக்டரிடம் மறுபடி போயிருந்தோம், பகலுக்கு பெக்சோபெனடைன் கொடுத்து, ஹைட்ராக்சிசினை அரிப்பு முற்றும் நாட்களில் மட்டும் ராத்திரிக்கு வைத்திருக்கிறார்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு

ஒரு சந்தேகம். ஏற்கனவே குடித்தாயிற்று, அப்புறம்தான் அரிப்பு வருகிறது. கெடா விருந்தில் எனக்கு அப்படித்தான் ஆகும். அப்போது எத்தனை மணி நேரம் விட்டு மாத்திரை போடலாம்? அண்ணன் ஒரு நம்பர் சொன்னால் நன்றாக இருக்கும்.

பெருந்துறை பழைய மருந்துக்கடை

நம்பர் சொன்னால் அதை வைத்து ஒருவர் வண்டி எடுத்துவிடுவார், அதனால் சொல்லமாட்டேன். வயசு, எடை, கல்லீரல், எத்தனை மில்லி என்று ஆளுக்கு ஆள் மாறும். வெறும் தோல் அரிப்பு என்றால் அன்று ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டு ஈரத்துணி, கேலமைன் லோஷனோடு ஓட்டுங்கள். உதடோ கண் இமையோ வீங்கினால், தொண்டை இறுகினால் அரிப்பு மாத்திரையை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஈரோடு சிஸ்டர் (ஓய்வு)

கேலமைன் சரி. ஆனால் பொள்ளாச்சி தம்பிக்குக் குடித்தால்தான் தடிப்பு வருகிறதா, கறியாலா என்று முதலில் பார்க்க வேண்டும், சிலருக்கு ஆல்கஹாலே தடிப்பைக் கிளப்பும். குடிக்காமல் அதே விருந்தைச் சாப்பிட்டிருக்கிறீர்களா தம்பி, அப்போதும் அரித்ததா?

பொள்ளாச்சி தென்னந்தோப்பு

குடிக்காமல் கெடா விருந்துக்குப் போனதாக ஞாபகம் இல்லைங்க அக்கா. ஆடியில் சித்தப்பா வீட்டில் பொங்கல் வைத்து வெட்டுகிறார்கள், அன்று குடிக்காமல் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.