காய்ச்சலே அடிக்காமல் வந்த ஃப்ளூ: அப்பாவுக்கு நேர்ந்தது

கோமதி

என் அப்பாவுக்கு வயது 76. நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரகமும் ஓரளவு பழுதுபட்டிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலையில், வழக்கமாக ஆறு மணிக்கே எழுந்து செய்தித்தாள் வந்துவிட்டதா என்று கேட்பவர், எட்டு மணி வரை படுக்கையிலேயே கிடந்தார். எழுப்பியபோது, எப்போதோ இறந்துபோன என் அத்தையின் பெயரைச் சொல்லி, அவள் கிளம்பிவிட்டாளா என்று கேட்டார். குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். இருமலோ மூக்கொழுகலோ இல்லை. தெர்மாமீட்டர் 99.2 காட்டியது, சர்க்கரை 312 இருந்தது. பழி முழுவதையும் சர்க்கரையின் மேல் போட்டுவிட்டு, அதைக் குறைப்பதிலேயே இரண்டு நாட்களைக் கழித்தோம்.

அதற்கு முந்தைய வாரம்தான் என் மகன் ஃப்ளூ காய்ச்சலில் மூன்று நாட்கள் படுத்திருந்து பள்ளிக்குத் திரும்பியிருந்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய் இரவு, அவர் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். நிமிடத்துக்கு 28 முறை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 90 என்றது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கே அரை மணி நேரத்தில் முடிவு தெரியும் ஃப்ளூ சோதனை ‘இல்லை’ என்று வந்தது. ஆனாலும் பணியிலிருந்த மருத்துவர், பேரனுக்கு வந்த காய்ச்சலைப் பற்றிக் கேட்டதும், பிசிஆர் முடிவுக்குக் காத்திராமல் ஃப்ளூ வைரஸை அடக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையைத் தொடங்கிவிட்டார். வழக்கமான 75 மில்லிகிராம் அல்லாமல், அப்பாவின் சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் கணக்கிட்டு, 30 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை. மறுநாள் பிசிஆரில் இன்ஃப்ளூயன்சா ஏ உறுதியானது. மூச்சு சீராகிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லாத நிலையில், ஈசிஜியில் மாரடைப்பு தெரிந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் அந்த மாரடைப்பைக் கொண்டுவந்தது ஃப்ளூதானா, அல்லது எப்படியும் வரவிருந்ததா என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஜெசிந்தா

தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். உங்களைத் தவற விடச் செய்தது அந்த 99.2தான். வயதானவர்கள் பலருக்கு நல்ல நாளிலேயே உடல் வெப்பம் 97-ஐ ஒட்டித்தான் இருக்கும். கிருமியை எதிர்த்து வெப்பத்தைக் கூட்டும் திறனும் குறைந்திருக்கும். எனவே 100-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பதைவிட, அவருடைய வழக்கமான அளவிலிருந்து இரண்டு டிகிரி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே சரி. அந்தக் கணக்கில் உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் இருந்திருக்கலாம். திடீர் மனக்குழப்பம், விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது ஆகிய மூன்றும்தான் அந்த வயதில் பல நேரங்களில் ஃப்ளூவின் முதல் அடையாளங்கள். சர்க்கரை எகிறியதும், பெரும்பாலும் தொற்றின் விளைவாகத்தான் இருந்திருக்கும். விரைவுச் சோதனை கணிசமானவர்களைத் தவறவிடும். அதில் ‘ஆம்’ என்று வந்தால் நம்பலாம், ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதி அடையக் கூடாது.

மாரடைப்பைப் பற்றி: கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ளூ உறுதியானவர்களுக்கு முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே நபர்களின் மற்ற நாட்களோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது. தொற்றால் உடல் முழுவதும் அழற்சி கிளம்பும்போது இரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. ஏற்கெனவே கொழுப்பு படிந்த இதயக் குழாயில் அது அடைப்பை உண்டாக்கிவிடும். உங்கள் அப்பாவுக்கு அதுதான் நடந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் இயலாது.

சுந்தரம்

48 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்த மாத்திரை வீண் என்பதுதான் நான் அறிந்தது. அதற்குப் பிறகு ஆன்டிபயாடிக்தான் கை கொடுக்கும். என் மாமாவுக்கு அதைத்தான் கொடுத்தார்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டார். மேலும் இதெல்லாம் முதியவர்களின் பாடு. இளம் வயதினர் இரண்டு நாள் படுத்தால் தீர்ந்துவிடும்.

ஜெசிந்தா

சுந்தரம் ஐயா, 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்கு வந்தவர்களுக்கு, அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் கொடுக்கிறார்கள். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் தேறியபின் மறுபடியும் குளிர்க்காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் வந்தால், பாக்டீரியா நிமோனியா சேர்ந்துகொண்டது என்று ஐயப்பட வேண்டும். ஆன்டிபயாடிக் அப்போது தேவைப்படும். உங்கள் மாமாவுக்கு அப்படி இருந்திருக்கலாம்.

ஃபாத்திமா

“இளம் வயதினர்” என்று படித்ததால் எழுதுகிறேன். எனக்கு அப்போது 29 வயது, 31 வாரக் கர்ப்பம், வேறு நோய் எதுவும் கிடையாது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் மாலை, கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஏழாம், எட்டாம் மாதத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும் என்றார் மாமியார். ஆக்ஸிமீட்டர் 93 காட்டுகிறது, 90-க்கு மேல்தானே என்றார் கணவர். மருத்துவரோ, கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே போனாலே வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி, அன்றிரவே சேர்த்துக்கொண்டார். வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரல் விரியும் இடத்தைக் குறைத்துவிடுகிறது, அதே நேரத்தில் உடலுக்குத் தேவையான ஆக்ஸிஜன் கூடுகிறது, ஆகவே கையிருப்பே இல்லாமல் ஓடும் வீடு போல என்று அவர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. குழந்தைக்கு ஆகாது என்று பயந்து முதல் நாள் ஒரு பாராசிட்டமால் கூடப் போடாமல் காய்ச்சலைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அதுவும் தவறு என்று கடிந்துகொண்டார். ஓசெல்டாமிவிர் ஐந்து நாட்கள் கொடுத்தார்கள். மகள் 38 வாரத்தில் நலமாகப் பிறந்தாள்.

ராஜன்

எனக்கு 34 வயது. தினமும் காலையில் எட்டு, பத்துத் தும்மல் வருகிறது. ஃப்ளூ வந்தால் ஆபத்து அதிகம் உள்ளவர்களின் பட்டியலில் நானும் வருவேனா? வேறு தொந்தரவு இல்லை. இரவில் மட்டும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறேன். அதனால் ஒரு வருடத்துக்கு மேலாக வீசிங் வரவில்லை.

ஜெசிந்தா

தும்மலால் அல்ல, ராஜன். அந்த இன்ஹேலரை எதற்காகக் கொடுத்தார்களோ அதனால் வருவீர்கள். கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவும் ஆஸ்துமாதான். ஃப்ளூ வந்தால் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய அன்றே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

சுந்தரம்

அப்படியானால் நோயாளியின் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடலாமே?

ஜெசிந்தா

எல்லோருக்கும் தேவையில்லை. நோயாளியோடு நெருங்கிப் பழகியவர் ஆபத்து அதிகம் உள்ளவராக இருந்தால் சில மருத்துவர்கள் தடுப்பாகக் கொடுக்கிறார்கள். வேறு சிலர், முதல் அறிகுறி தெரிந்ததும் சிகிச்சையைத் தொடங்கினால் போதும் என்கிறார்கள். நான் பணியாற்றிய பிரிவிலேயே இரண்டு மருத்துவர்கள் இதில் ஒத்துப்போனதில்லை.

கோமதி

அப்பா நலமாக இருக்கும் ஒரு வாரத்தில், தினமும் காலையில் வெப்பம் எடுத்துக் குறித்தேன். 96.8, 97.1, 97.0 என்றுதான் வருகிறது. அந்தத் திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. மாரடைப்பைப் பற்றி இதய மருத்துவரிடமும் கேட்டேன். பழைய அடைப்பு ஒன்று இருந்தது என்றும், ஃப்ளூ அதைத் தூண்டியிருக்கலாம் என்றும் சொன்னார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொண்டுவிட்டோம். அப்பா மட்டும், மாரடைப்பு வந்து மூன்று மாதமே ஆகிறது, இப்போது போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் சிரித்துவிட்டு, அதனால்தான் உங்களுக்கு முதலில் என்றார்.