பூண்டுப் பதிவு தேடலில் வரவில்லை: தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தா?

பூம்பாறை விவசாயி (திங்கள், இரவு 9.40)
வணக்கம். கொஞ்சம் அவசரம். அறுவடை முடிந்து பூண்டு கட்டுக் கட்டாகப் பரணில் தொங்குகிறது. வடுகப்பட்டி மண்டிக்கு அனுப்பாமல், எழுதிப் போட்டு நேரடியாக விற்கிறோம். இரண்டு வருஷமாகத் தமிழில்தான் எழுதினேன். சென்னையில் இருக்கும் தங்கை தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமே வரவில்லை என்றாள். ஆங்கில எழுத்தில் எழுதினால்தான் தேடலில் வரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதனால் மூன்று வாரமாக malai poondu என்று எழுதுகிறேன். இப்போது வழக்கமாக வாங்கும் திண்டுக்கல் பெரியவர்கள் படிக்க முடியவில்லை என்று போன் செய்கிறார்கள். எதில் எழுதுவது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சாரல் (9.52)
எங்கே எழுதுகிறீர்கள் என்றே சொல்லவில்லையே. முகநூலா, யூடியூபா, சொந்தத் தளமா? தங்கை எதில் தேடினார்? என்ன சொல்லைத் தட்டினார்?

மேகமலை (10.05)
எங்கே எழுதினால் என்ன, தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டினாலும் தமிழ்ப் பக்கத்தைக் காட்டுவோம் என்று 2020 டிசம்பரிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. இந்தி, வங்காளம், மராத்தி, தெலுங்கோடு தமிழும் அந்தப் பட்டியலில் உண்டு. malai poondu என்று தேடுகிறவருக்கு உங்கள் தமிழ்ப் பதிவு வந்தே தீரும். தங்கை சரியாகத் தேடியிருக்க மாட்டார்.

ஏட்டுச்சுவடி (10.20)
இந்தக் கேள்வி இங்கே பல முறை வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. தமிழனுக்குத் தமிழில் எழுதுவதா என்பதே கேள்வியாக இருக்கக் கூடாது. முதலில் மலைப்பூண்டு என்று வல்லினம் மிகுத்து எழுதப் பழகுங்கள், தம்பி. பாதிப் பேர் மலைபூண்டு என்றுதான் எழுதுகிறார்கள்.

எஸ்டேட் கணக்கர் (10.41)
எங்கள் அனுபவம் வேறு. தொழிலாளர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறோம். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். கொஞ்சம் நீண்டால் இரண்டு செய்தியாகக் கணக்காகிறது, செலவும் இரட்டிப்பு. அதனால் ஆங்கில எழுத்துதான் சிக்கனம்.

சாரல் (10.44)
அவர் எஸ்எம்எஸ் பற்றிக் கேட்கவில்லை, ஐயா. தேடலில் வருவதைப் பற்றிக் கேட்கிறார்.

பெருமாள்மலை டிடிபி (செவ்வாய், காலை 6.30)
தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு தலைப்பை இங்கே அப்படியே ஒட்டுங்கள். படமாக வேண்டாம், எழுத்தாக. யார் தட்டச்சு செய்தது, எந்த விசைப்பலகையில் என்பதையும் சொல்லுங்கள்.

பூம்பாறை விவசாயி (பகல் 1.15)
மன்னிக்கவும், தோட்டத்தில் இருந்தேன், சிக்னல் இல்லை. பிளாக்கரில்தான் எழுதுகிறேன், அந்த இணைப்பை முகநூல் குழுவிலும் போடுவேன். தங்கை கூகுளில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடியிருக்கிறாள். நான் நோட்டில் எழுதிக் கொடுப்பேன், மலைக்குக் கீழே ஒரு அச்சகத்தில் தட்டச்சு செய்து தருவார்கள். அவர்கள் பாமினியில் அடித்து யூனிகோடுக்கு மாற்றித் தருகிறார்கள். தலைப்பு இது:

கெரடைக்கானல் மலைபூண்டு நேரடி விற்பனை

பெருமாள்மலை டிடிபி (2.05)
நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. முதல் எழுத்தைப் பாருங்கள். அது 'கொ' இல்லை, 'கெ', அதற்குப் பிறகு ஒரு 'ர'. கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கு அது கெ-ர-டைக்கானல் என்ற வேறு சொல். உங்கள் ஊர்ப் பெயரே தலைப்பில் இல்லை என்று அர்த்தம்.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். நான் பதினான்கு வருஷம் அச்சகத்தில் தட்டச்சு செய்தவள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது தமிழே இல்லை. 'தமிழ்' என்று தெரிவதற்குள் இருப்பது jkpo; என்ற ஆங்கில எழுத்துகள்தான். துணைக்காலும் 'ர'வும் வடிவில் ஒன்று போல இருப்பதால் அவசரத்தில் ஒன்றுக்கு மற்றதைத் தட்டிவிடுவோம். தாளில் அச்சானால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, திருமணப் பத்திரிகைக்கு அது போதும். யூனிகோடுக்கு மாற்றும்போது மாற்றி எந்த விசை விழுந்ததோ அதைத்தான் எழுத்தாக்கும்.

கண்டுபிடிக்கப் போனே போதும். அந்த எழுத்தின் நடுவே விரலை வைத்துக் குறியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சரியான 'கொ' என்றால் குறி உள்ளே நுழையாது, முழு எழுத்தையும் ஒரே தாவாகத் தாண்டும். தப்பான எழுத்தில் 'கெ'க்கும் 'ர'வுக்கும் நடுவில் போய் நிற்கும்.

பைத்தான் பையன் (2.30)
கணினி இருந்தால் இப்படியும் பார்க்கலாம்:

```
for c in "கெர": print(hex(ord(c)))
```

இதற்கு 0xb95, 0xbc6, 0xbb0 என்று வரும். கடைசியில் வரும் 0xbb0 தான் ர. சரியான கொ என்றால் 0xb95, 0xbca என்று வர வேண்டும். அண்ணே, எல்லாப் பதிவிலும் "ெர" என்று இருப்பதை "ொ" என்று மொத்தமாக மாற்றிவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

பெருமாள்மலை டிடிபி (2.41)
வேண்டாம் தம்பி, மொத்தமாக மாற்றவே கூடாது. 'தெரியும்' என்ற சொல்லிலும் ெ அடுத்து ர வருகிறது. மாற்றினால் அது 'தொியும்' ஆகிவிடும். வலையில் 'தொிவித்தார்' என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குழப்பம், திசைதான் வேறு. சொல் சொல்லாக மாற்றுங்கள்: கெரடைக்கானல், தெரடர்பு, பெரருள் என்று கெட்டுப்போன சொற்களைத் தேடி ஒவ்வொன்றாக. தலைப்புகளை முதலில் திருத்துங்கள், உடம்புப் பகுதியைப் பிறகு பார்க்கலாம்.

மேகமலை (3.10)
சரி, எழுத்துப் பிழை என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிழையைத் திருத்திவிட்டால் நான் சொன்னதுதான். ஆங்கில எழுத்தே தேவையில்லை.

பெருமாள்மலை டிடிபி (3.35)
முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூகுள் செய்வதை முகநூல் குழுவின் தேடல் பெட்டியோ, தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியோ செய்யும் என்று நம்பி உட்காராதீர்கள். இன்னொன்று, ஆங்கில எழுத்துக்கு எழுத்துக்கூட்டல் விதி கிடையாது. poondu, pundu, poodu, puundu என்று ஆளுக்கு ஒன்று தட்டுவார்கள். முழுப் பதிவையும் அப்படி எழுதினால் எத்தனை சொல்லுக்கு எத்தனை கூட்டல் என்று யோசியுங்கள். பூண்டுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பதிவானது Kodaikanal Malai Poondu என்ற பெயரில். வியாபாரிகளும் செய்திகளும் அந்தக் கூட்டலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நீங்களும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், வேறு கூட்டல் வேண்டாம்.

பதிவு முழுக்கத் தமிழில் இருக்கட்டும், உங்கள் திண்டுக்கல் பெரியவர்களுக்காக. உள்ளே ஒரே ஒரு வாக்கியத்தில் "Kodaikanal Malai Poondu என்று புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது" என்று இயல்பாக வரட்டும். படத்தைப் போடும்போது IMG_2041.jpg என்று விடாமல் kodaikanal-malai-poondu.jpg என்று பெயர் மாற்றிப் போடுங்கள்.

அப்புறம் இணைப்பு. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாக்கர் இணைப்பில் தமிழைச் சேர்க்காது, blog-post_17.html என்று எண் போட்டுவிடும். வெளியிடும் முன் வலது பக்கம் இணைப்புக்கான இடத்தில் நீங்களே malai-poondu-virpanai என்று தட்டலாம். வெளியிட்ட பழையதை மாற்றினால் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போன இணைப்புகள் செத்துவிடும், ஆகவே பழையதை அப்படியே விடுங்கள்.

சாரல் (4.02)
வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இதில் வேறு தொல்லை. அங்கே தமிழ் இணைப்பில் சேரும், ஆனால் ஒவ்வொரு எழுத்துக் குறியும் %E0%AE%AE என்று ஒன்பது இடத்தைப் பிடிக்கும். 200-இல் வெட்டிவிடும் என்பதால் இருபதுக்குச் சற்று மேலே போனதும் தலைப்பு பாதியில் அறுந்துவிடுகிறது. நானும் ஆங்கில எழுத்துக்கே வந்துவிட்டேன், இணைப்பில் மட்டும்.

ஏட்டுச்சுவடி (4.20)
இத்தனை பேசியும் 'ப்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மலைபூண்டு தவறு. தவறான சொல்லுக்குத் தேடலில் என்ன மதிப்பு?

மேகமலை (4.33)
ஐயா, வாங்குகிறவர்கள் எப்படித் தட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. போனில் தட்டுகிறவர் 'மலை பூண்டு' என்று இடைவெளி விட்டுத்தான் தட்டுகிறார்.

ஏட்டுச்சுவடி (4.40)
மக்கள் தவறு செய்தால் நாமும் செய்ய வேண்டுமா? இப்படித்தான் ஒவ்வொரு ஒற்றாக மொழி தேய்கிறது.

பெருமாள்மலை டிடிபி (5.15)
இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தலைப்பில் மலைப்பூண்டு, அதில் ஐயா சொல்வது சரி. உள்ளே ஓர் இடத்தில் 'மலையில் விளைந்த பூண்டு' என்று எழுதினால் பூண்டு தனிச் சொல்லாகவும் நின்றுவிடும், இலக்கணமும் கெடாது. கொத்துக்குறி போடும்போதுதான் சிக்கல். #மலைப்பூண்டு ஒன்று, #மலைபூண்டு இன்னொன்று, இரண்டும் தனித்தனிக் கூட்டம். அதில் எது பெரிய கூட்டம் என்று தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோத்தகிரி மூட்டம் (இரவு 7.50)
நீலகிரியிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் படுகு மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் க-வா, அழுத்திச் சொல்லும் ga-வா என்று தெரிவதில்லை. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒலி தெரிகிறது, ஆனால் எங்கள் பாட்டிகளுக்குப் படிக்க வராது. தமிழில் எழுதுகிற நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்களுக்கு இதற்கு ஒரு வழி யாராவது சொல்வீர்களா?

பண்ணைக்காடு வாசகி (8.30)
எனக்குப் பார்வை இல்லை, போன் வாசித்துக் காட்டித்தான் படிக்கிறேன். தமிழ் எழுத்தில் இருந்தால் என் போன் தமிழாகவே வாசிக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் ஆங்கில உச்சரிப்பில் வாசித்து, இரண்டாவது வரியிலேயே எனக்குப் புரியாமல் போகிறது. அந்தக் 'கெரடை'யையும் அது கெ, ர, டை என்றுதான் வாசித்தது. அண்ணா, உங்கள் பூண்டுப் பதிவை நான் போன வருஷமே கேட்டேன். ஏதோ கெர ஊர்ப் பூண்டு என்று விட்டுவிட்டேன்.

பூம்பாறை விவசாயி (அடுத்த வாரம் வியாழன், காலை 5.50)
எல்லாருக்கும் நன்றி. விரலை வைத்துப் பார்த்தேன், குறி நடுவில்தான் நின்றது. பதினொரு தலைப்பைத் திருத்திவிட்டேன், புதிய இரண்டு பதிவுக்கு இணைப்பை நானே தட்டினேன். நேற்று தங்கை தமிழில் தேடியபோது முதல் பக்கத்தில் வந்ததாம். Kodaikanal Malai Poondu என்று தேடினால் இன்னும் வரவில்லை. பண்ணைக்காடு தங்கச்சிக்கு ஒரு கிலோ தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், தொடர்பு கொள்ளவும். ஜீப் கீழே இறங்குகிறது, போகிறேன்.

சாரல் (6.40)
இரண்டு புதிய பதிவும் கூகுள் கண்ணில் பட்டதா என்று சர்ச் கன்சோலில் பார்த்தீர்களா? அதில் 'பூண்டு' என்றும் poondu என்றும் வடிகட்டிப் பார்த்தால் யார் எதில் தேடி வந்தார்கள் என்று தெரியும். மிகக் குறைவாகத் தேடப்பட்ட சொற்களை அது மறைத்துவிடும், அதனால் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்.

கோத்தகிரி மூட்டம் (9.10)
படுகு பற்றி யாரும் சொல்லவில்லையே?