விளக்க வினாவா, விளக்கக் கோரிக்கையா?

செல்வி, ரோஸ் ஹில்

வணக்கம். டெண்டர் போடும் சிறு வணிகர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டெண்டர் ஆவணத்தில் புரியாததை ஏலதாரர் கொள்முதல் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதற்கு ஒரு சொல் வேண்டும். 'விளக்கக் கோரிக்கை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ஒரு ஏசி வியாபாரி எனக்கு அனுப்பியது இது:

"அக்கா, ஏசி 24,000ஆ 18,000ஆ? ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி இருக்கு. வாரண்டி 5 வருஷம் ரொம்ப ஓவர், எங்க சப்ளையர் 3தான் தருவார். பழைய ஏசியை யார் கழட்டுறது? டேட் தள்ளுவாங்களா?"

இதை அலுவலகத்துக்கு அனுப்பும்படி மாற்றித் தரவேண்டும்.

முருகன், வாக்வா

'விசாரணை' என்றே போடலாமே அம்மா, நல்ல பழைய சொல்.

கணேசன், போர்ட் லூயிஸ்

விசாரணை என்றதும் போலீஸ்தான் ஞாபகம் வரும். 'கோரிக்கை'யும் வேண்டாம் என்பேன். கோரிக்கை என்றால் ஏதோ சலுகை கேட்பதாக ஆகிவிடும். ஏசிக்காரர் செய்திருப்பதும் அதுதான். நாலில் இரண்டு கேள்வி, மற்ற இரண்டும் கெஞ்சல். முதலில் அதைப் பிரிக்கவேண்டும்.

நான் இப்படி எழுதுவேன்:

1. தொழில்நுட்பக் குறிப்பு 2.1, விலை அட்டவணை வரிசை 3: முன்னதில் "குறைந்தது 24,000 பிடியு" என்றும் பின்னதில் "18,000 பிடியு" என்றும் உள்ளது. எந்தத் திறனுக்கு விலை குறிக்கவேண்டும்?

2. தொழில்நுட்பக் குறிப்பு 4.2, "நிறுவுதல்": பழைய கருவிகளைக் கழற்றுவது இதில் அடங்குமா? அடங்கும் என்றால் அவற்றை எங்கே ஒப்படைக்கவேண்டும்?

3. தொழில்நுட்பக் குறிப்பு 5.1, "5 ஆண்டு உத்தரவாதம்": இது கருவி முழுவதற்குமா, கம்பிரஸருக்கு மட்டுமா?

மூன்றாவதைக் கவனியுங்கள். சப்ளையர் 3 வருஷம்தான் தருவார் என்ற பேச்சே அதில் இல்லை. கேள்வியும் பதிலும் எல்லா ஏலதாரருக்கும் போகும். கேட்டவர் பெயரை அலுவலகம் மறைக்கும்; கேள்விக்குள் நாமே எழுதிவைத்ததை யார் மறைப்பது? பதில் "கம்பிரஸருக்கு மட்டும்" என்று வந்தால் அவர் பிரச்சினையே தீர்ந்துவிடலாம், ஏனென்றால் பல கம்பெனிகள் கம்பிரஸருக்கு மட்டும் கூடுதல் வருஷம் தருகின்றன. முழுக்கருவிக்கும் என்றால், 3 ஆண்டாகக் குறைக்கக் கேட்டுத் தனியாக எழுதலாம். தேதி தள்ளுவதும் அந்த வகைதான். அவற்றுக்குத் 'திருத்தக் கோரிக்கை', மேலே எண்ணிட்டவற்றுக்கு 'விளக்க வினா'. இதுதான் என் முன்மொழிவு.

முருகன், வாக்வா

அப்படியானால் முரண்பாடு கண்ட இடமெல்லாம் எண் போட்டுக் கேட்டுவிடலாம். போன மாதம் நான் பார்த்த ஆவணத்தில், ஏலதாரருக்கான அறிவுரையில் விலை செல்லுபடிக் காலம் 90 நாள், அந்த டெண்டருக்கே உரிய விவரங்களைத் தரும் டேட்டா ஷீட்டில் 120 நாள்.

கணேசன், போர்ட் லூயிஸ்

ஏசி மாதிரியான முரண்பாட்டைக் கேட்கத்தான் வேண்டும் ஐயா. இது வேறு. அறிவுரையும் டேட்டா ஷீட்டும் மோதினால் டேட்டா ஷீட்தான் நிற்கும். ஆவணமே அப்படிச் சொல்லும். அதையும் கேட்டால் படிக்காமல் கேட்கிறோம் என்று தெரிந்துவிடும். விலை அட்டவணைக்கும் தொழில்நுட்பக் குறிப்புக்கும் இடையே எது மேல் என்று ஆவணம் சொல்லவில்லையென்றால், அங்கேதான் வினா பிறக்கிறது.

லட்சுமி, காத்ர் போர்ன்

என் கதையைச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் மதிய உணவு டெண்டர். சைவம் தனிப் பாத்திரத்தில் வேண்டுமா என்று போனில் கேட்டேன். "வேண்டாம்மா" என்றார்கள், பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொண்டேன். அப்புறம் தனிப் பாத்திரம் இல்லை என்று என் விலைப்புள்ளியைத் தள்ளிவிட்டார்கள். இதற்கு என்ன சொல் வைத்தாலும் 'எழுத்தில்' என்பது உள்ளே இருக்கட்டும்.

செல்வி, ரோஸ் ஹில்

லட்சுமி அக்கா, அதைக் கையேட்டில் போடுகிறேன், உங்கள் பெயர் இல்லாமல். 'எழுத்து வினா' என்றால் தேர்வுத் தாள் மாதிரி இருக்கிறதே. கணேசன் அண்ணா, ஒன்று கேட்கிறேன். முதல் வினாவுக்கு "24,000தான், அட்டவணை தவறு" என்று பதில் வந்தால் ஆவணமே மாறுகிறதே? அப்போது அதுவும் திருத்தம் ஆகிவிடாதா?

கணேசன், போர்ட் லூயிஸ்

ஆகும். அப்போது பதிலோடு நிற்காமல் பிற்சேர்க்கை வெளியிடுவார்கள், அட்டவணையைப் புதிதாகத் தருவார்கள். பழைய அட்டவணையில் விலை எழுதி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் கேட்டவர் மாற்றச் சொல்லவில்லை, அர்த்தம் கேட்டார். வினாவா கோரிக்கையா என்று பெயர் வைப்பது அவர் கேட்டதைப் பொறுத்துத்தான், வந்த பதிலைப் பொறுத்து அல்ல. டேட்டா ஷீட்டில் கேள்விக்கான கடைசி நாளைப் பார்க்கச் சொல்லுங்கள். அது டெண்டர் மூடும் நாளுக்கு முன்பே முடிந்துவிடும். பிந்தினால் பதில் சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

முருகன், வாக்வா

'வினா' பள்ளிக்கூட வாடை அடிக்கிறது. 'விளக்கக் கேள்வி' என்றால் ஏசிக்காரருக்கும் புரியும்.

செல்வி, ரோஸ் ஹில்

திருத்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டேன். வினாவா கேள்வியா என்பதை ஏசிக்காரரிடமே கேட்டுப் பார்க்கிறேன். மூன்று வினாக்களும் இன்று மாலை போகின்றன, தேதி விஷயம் தனிக் கடிதமாக.