முதல் வெளியீட்டில் நேர மாற்றம் வேண்டுமா?

வணக்கம். இசை ஆசிரியர்களிடம் மாணவர்கள் வகுப்புக்கு நேரம் பதிவு செய்யும் செயலி ஒன்று செய்கிறோம். டெவலப்பர்கள் 2 பேர். மொத்தம் 10 வாரம், அதில் 5 போய்விட்டது. முதல் வெளியீட்டில் எதை வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

கட்டாயம், தேவை, இருந்தால் நல்லது என்று 22 அம்சங்களைப் பிரித்தேன். 15 அம்சங்கள் 'கட்டாயம்' பக்கமே விழுந்தன. அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "இது இல்லாமல் மாணவர் நேரம் பிடித்து வகுப்பில் உட்கார முடியாதா?" ஆறுதான் மிஞ்சின. கட்டணத்தைக்கூட ஆசிரியரே நேரில் வாங்கட்டும் என்று தள்ளிவைத்தேன்.

மாட்டிக்கொண்டது நேர மாற்றத்தில், அதாவது பதிவு செய்த வகுப்பை வேறு நேரத்துக்கு மாற்றும் வசதியில். 5 ஆசிரியர்களை வைத்து இரண்டு வாரம் எக்செல், போன் என்று கையாலேயே நடத்திப் பார்த்தோம். 40 பதிவுகளில் 13 முறை நேரம் மாறியது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு போன். ஒருநாள் மாற்றிய நேரத்தை எக்செல்லில் குறிக்க மறந்ததால், ஒரே நேரத்துக்கு இரண்டு மாணவர்கள் வந்து நின்றார்கள். இந்த வசதியைச் செயலியில் செய்து முடிக்க 3 வாரம் ஆகும். பிறகு சோதனைக்கு நேரம் போதாது.

ரத்து பட்டன் மட்டும் வைத்து, மாணவரே ரத்து செய்து மறுபடி பதிவு செய்யட்டும் என்று விட்டால் முதல் 50 பயனர்களுக்குப் போதுமா?