பயிற்சி நேரச் சான்று வாங்க வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிரிட்டனில் வேலை பார்க்க, அங்கே தெரபிஸ்ட்களைப் பதிவு செய்யும் ஹெச்சிபிசி அமைப்பில் பதிவுக்கு விண்ணப்பிக்கிறேன். என் படிப்புக்கு உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பின் ஒப்புதல் உண்டு. அதற்குக் குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். ஆனால் அந்த ஒப்புதல் மட்டும் போதாது. ஹெச்சிபிசியில் படிப்பையும் அனுபவத்தையும் தங்கள் தகுதித் தரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

சிக்கல் இதுதான்: மதிப்பெண் பட்டியலில் ‘களப்பயிற்சி – தேர்ச்சி’ என்று ஒரே வரி. குழந்தைகள் பிரிவில், மனநலத்தில் எத்தனை மணி நேரம் என்பது என் பழைய பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் இரண்டு பக்கங்களில் மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லை. கல்லூரியில் கேட்டால் பழைய கோப்பு இல்லையாம்.

பாடத்திட்டத்தை வைத்துத் துறைவாரியாகக் கடிதம் வாங்கியவர்கள் உண்டா? பணி அனுபவத்தைக் காட்டி இடைவெளியை நிரப்பினீர்களா? அப்புறம், என் தங்கை ஸ்பீச் தெரபிஸ்ட். அவளும் இதே அமைப்பில்தான் பதிய வேண்டும். அவள் இப்போதே எதையெல்லாம் கையெழுத்தோடு வாங்கி வைக்கலாம்?