புதுப்பிப்பு: பேங்க் டிடிஎஸ் - 26AS வரி ஸ்டேட்மென்ட் வித்தியாசம் சரியாயிடுச்சு

கேட்டது: "பேங்க் சர்டிபிகேட்ல டிடிஎஸ் 7,200, 26AS-ல 5,400 தான், எத வச்சு ரிட்டர்ன் போடறது?"

உதவின எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மே 31 வரைக்கும் வெயிட் பண்ணுங்கன்னு ஒருத்தர் சொன்னார், ஜூன்லயும் கடைசி குவார்ட்டர் 1,800 வரல. சம்பள ஃபார்ம் 16 பத்தி சொன்னவருக்கு, இது எஃப்டி வட்டிங்க. கரெக்டா புடிச்சது பேன் நம்பர பாருங்கன்னு சொன்ன அண்ணன்தான். பிரான்ச்ல குடுத்த பேப்பர்ல வருமான வரித்துறையோட TRACES சைட்ல வர்ற சர்டிபிகேட் நம்பரே இல்ல, அப்பவே சந்தேகம் வந்துச்சு, பாத்தா ஜனவரில எஃப்டி ரினியூ பண்ணப்ப ஜாயின்ட் ஹோல்டரான அம்மா பேன்ல ஏத்திட்டாங்க, அவங்க 26AS-ல அதே 1,800 இருந்துச்சு. எழுதிக் குடுத்தேன், பேங்க் கரெக்‌ஷன் ஸ்டேட்மென்ட் போட்டு மூணு வாரத்துல என் பேன்ல F, அதாவது ஃபைனல் ஸ்டேட்டஸோட வந்துடுச்சு, அப்புறம்தான் 7,200 க்ளைம் பண்ணேன். அம்மாவோட வருமான விவரம் காட்டற ஏஐஎஸ்ல மட்டும் அந்த வட்டி இன்னும் நிக்குது, ஃபீட்பேக் போட்டிருக்கேன்.