உதவி: காய் சமம், ஆனா நகர்த்தினதாலேயே தோத்துட்டேன். எங்க தப்புங்க?

கோபி_யானை
போன ஞாயிறு ஈரோட்டுல ஒரு கல்யாண மண்டபத்துல போட்டிங்க. கடைசி ரவுண்டு, நான் வெள்ளை. யானையெல்லாம் வெட்டிக்கிட்டு முடிச்ச பின்னாடி இந்த நிலை வந்துச்சு. என் முறை.

```
8/8/p7/4pK2/3kP3/8/P7/8 w - - 0 1
```

போன்ல ஒட்டிப் பாக்க முடியாதவங்களுக்கு: என் ராஜா f5, சிப்பாய் e4, a2. அவர் ராஜா d4, சிப்பாய் e5, a6. ராஜாவை அசைச்சா e4 போயிரும்னு எனக்கே தெரிஞ்சுது. அதனால a4 தள்ளினேன். அவர் யோசிக்கவே இல்லைங்க, a5 வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டார். அப்புறம் என் ராஜா e6, அவர் e4-ஐத் தின்னுட்டார், அவ்வளவுதான். இந்த நிலையே தோத்த நிலைதானா, இல்ல நான் கெடுத்தேனா?

பெருந்துறை_பாட்டையா
ஏன் கண்ணு, நகர வழியில்லைன்னா செஸ்ல டிரா தானே? எங்க காலத்து ஆடு புலி ஆட்டத்துலதான் புலி நகர முடியாம அடைபட்டா புலிக்குத் தோல்வி. போன வாரம் பேரன் எனக்கு ராணியும் ராஜாவும் வெச்சு விளையாடினான், என் ராஜாவுக்குப் போக இடமே இல்லாம பண்ணிட்டு டிரான்னு அவனே தலையில அடிச்சுக்கிட்டான். நீ நடுவரைக் கூப்பிட்டிருக்கோணும்.

கோபி_யானை
இல்லைங்கய்யா, எனக்குப் போக இடம் நெறைய இருந்துச்சு. எங்க போனாலும் கெட்டுப் போற இடமா இருந்துச்சு, அதான் சிக்கல்.

திருப்பூர்_மணி
இது தெரிஞ்ச பொறிதான் ப்ரோ. சிப்பாய் ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்கும்போது பக்கத்துல முதல்ல போய் ஒட்டுறவன் காலி. உங்க ராஜா அதுக்கு முந்தி எங்க இருந்தது? g5-ஆ? அப்ப f5 வந்ததே தப்பு. f6-ல நின்னு அவர் d4 வந்த பிறகு f5 வந்திருந்தா, அவர்தான் நகரணும், e5 அவரே கொடுத்திருப்பார். a சிப்பாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

கோபி_யானை
ஆமாங்க, g5. அவர் ராஜா அப்ப c3-ல.

பவானி_வாத்தியார்
மணி சொல்றது பாதி சரிங்க. அந்த a சிப்பாய் ரெண்டையும் பலகையில இருந்து எடுத்துட்டுப் பாருங்க, அவர் சொன்னது அப்படியே பொருந்தும். f5-ல ஒருத்தர், d4-ல ஒருத்தர், ரெண்டு பேரும் ரெண்டு சிப்பாயையும் தொட்டுக்கிட்டு நிக்கறாங்க. யார் முறையோ அவர் கையை எடுக்கணும், எடுத்தா தன் சிப்பாய் போச்சு. வெள்ளை முறைன்னா வெள்ளை தோல்வி, கறுப்பு முறைன்னா கறுப்பு தோல்வி. சுக்ஸ்வாங்குக்கு இதை விடச் சுத்தமான நிலை நான் பாத்ததில்லை.

ஆனா கோபி தம்பி ஆட்டத்துல a சிப்பாய் இருக்கே. அப்ப கேள்வியே மாறிருது: அந்த மூலையில சும்மா தள்ளற தள்ளு யார்கிட்ட முதல்ல தீரும்? தீர்ந்தவர்தான் ராஜாவை அசைக்கணும். e சிப்பாய் கிட்ட இருக்கற சண்டையை a கோட்டுலதான் முடிக்கணும்.

இப்ப a2-க்கும் a6-க்கும் நடுவுல எத்தனை கட்டம்? a3, a4, a5, மூணு. நீங்க a4 தள்ளினீங்க, மிச்சம் ஒரே கட்டம், அதை அவர் a5-ன்னு அடைச்சுட்டார். இனி உங்களுக்குத் தள்ள ஒண்ணும் இல்லை. அதே நீங்க a3 மட்டும் தள்ளியிருந்தா மிச்சம் ரெண்டு கட்டம். அவர் a5 தள்ளுவார், நீங்க a4. அடைப்பு. முறை அவர் கையில. d4-ல இருந்து எங்க போனாலும் நீங்க e5-ஐத் தின்னுக்கலாம்.

உங்க நிலை ஜெயிக்கிற நிலைங்க தம்பி. a3 ஜெயிக்கும், a4 தோக்கும்.

திருப்பூர்_மணி
ஒரு நிமிஷம் சார். e5 விழுந்ததும் அவர் ராஜா சும்மாவா இருக்கும்? a4-ஐத் திங்க ஓடாதா? அப்புறம் அவர் a5 சிப்பாய் ராணி ஆயிராதா?

பவானி_வாத்தியார்
ஓடும், ஓடட்டும். ராஜா c4, நீங்க e5 வெட்டு. அவர் b4, நீங்க ராஜாவை d6-ன்னு சிப்பாய்க்கு வழிவிட்டு நகர்த்துங்க. அவர் a4 வெட்டு, நீங்க e5. அவர் ராஜா b3-ன்னு ஒதுங்கினாத்தான் அவர் சிப்பாய்க்கு வழி. நீங்க e6, அவர் a4, நீங்க e7, அவர் a3, நீங்க ராணி. அவர் a2 தள்ளுவார். இங்கதான் அவசரப்படக் கூடாது, a கோட்டுச் சிப்பாய் a2-ல ராஜாவோட சேர்ந்து நின்னா ராணியைக் கையில வெச்சுக்கிட்டே டிரா பண்ணினவங்க நெறையப் பேர். ராணியை e5-ல வையுங்க, a1 குறுக்குக் கோட்டுல அடைபட்டுரும். அவர் c2 வந்து வழி பாத்தா நீங்க a1-லயே போய் உக்காந்துக்கலாம். பிறகு ராஜாவை மெதுவா நடத்திட்டு வந்தாப் போதும்.

கோபி_யானை
அய்யோ. ரெண்டு கட்டம் தள்ளினா வேகம்னு நெனச்சேனுங்க. சிப்பாயை எப்பவும் முடிஞ்ச வரைக்கும் முன்னாடி தள்ளணும்னு யாரோ சொன்னது மண்டையில ஒட்டிக்கிச்சு. அப்ப நடுவுல ஒத்தைப்படைக் கட்டம் இருந்தா எப்பவும் ஒரு கட்டம் தள்ளினாப் போதுமா?

பவானி_வாத்தியார்
எதிராளிக்கு ரெட்டைப்படையா மிச்சம் வைக்கணும், அதான் கணக்கு. ஆனா இன்னும் நகராத சிப்பாய்க்கு ரெண்டு கட்டம் தாவற உரிமை இருக்கறதால கணக்கைக் குருட்டுத்தனமா நம்பிராதீங்க. அவர் சிப்பாய் a6-க்குப் பதிலா a7-ல இருக்குன்னு வெச்சுக்கங்க. நீங்க a3 தள்ளினா அவர் a6, அப்புறம் a4, a5, நீங்க மாட்டிக்கிட்டீங்க. சரின்னு முதல்லயே a4 தள்ளினா நடுவுல ரெண்டு கட்டம், எதிராளிக்கு ரெட்டைப்படை, நமக்கு லாபம்னு தோணும். அவர் a7-ல இருந்து ஒரே தாவுல a5. மறுபடி நீங்க மாட்டிக்கிட்டீங்க. ஆக அங்க வெள்ளைக்கு விமோசனமே இல்லை. உங்க எதிராளி எப்பவோ a6 தள்ளி வெச்சது உங்களுக்குக் கெடச்ச பரிசு, நீங்க அதைப் பாக்கலை.

அதனாலதான் பசங்க கிட்டச் சொல்றேன், யானை வெட்டிக்கற வரைக்கும் ஓரச் சிப்பாயைச் சும்மா தொடாதீங்கன்னு. யாரும் கேக்கறதில்லை.

பொள்ளாச்சி_குதிரை
1923-ல கோபன்ஹேகன்ல நிம்சோவிச் சேமிஷை ஜெயிச்ச ஆட்டம் இதுதானே? கடைசியில சும்மா h6 தள்ளினதும் வெள்ளை தோல்வியை ஒத்துக்கிட்டாரே. பலகை நிறையக் காய் இருந்தும் சுக்ஸ்வாங்!

பவானி_வாத்தியார்
அழகான ஆட்டம்தாங்க. ஆனா அங்க கறுப்புக்கு நேரடியான மிரட்டலும் இருந்ததுன்னு, அதைச் சுத்தமான சுக்ஸ்வாங்னு ஒத்துக்காதவங்க உண்டு. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. முறையை மாத்திக் கொடுத்தா வெள்ளை தப்பிக்கணும், அப்பத்தான் அந்தப் பேருக்குப் பொருத்தம். கோபி தம்பி நிலையில a சிப்பாய் அடைபட்ட பிறகு அப்படி மாத்திப் பாருங்க, முடிவே தலைகீழா மாறும்.

பெருந்துறை_பாட்டையா
அட, இது வேற சங்கதி. ஆடு புலியிலயும் இப்படித்தான் சாமி. ஆடு அத்தனையும் வெச்சு முடிஞ்ச பின்னாடி ஒரு ஆட்டை நகத்தியே ஆகோணும். நகத்தினா ஓட்டை விழும், புலி தாண்டும். சும்மா இருந்தா நல்லாத்தான் இருக்கும், இருக்க விடமாட்டாங்களே.

கோபி_யானை
இத்தனை பேசியும் அய்யா சொன்னதுதான் எனக்கு டக்குனு புரிஞ்சுது :) நேத்து ராத்திரி தம்பியை உக்கார வெச்சு ஆடிப் பாத்தேனுங்க. a6 வெச்சு ஜெயிச்சேன். a7 வெச்சப்ப மூணு தடவையும் தோத்தேன், அவன் ஏழாவதுதான் படிக்கறான்.

திருப்பூர்_மணி
வாத்தியாரே, ஆனா என் f6 கேள்விக்குப் பதில் வரலையே. g5-ல இருந்து f6 போயிருந்தா a சிப்பாய்க் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

பவானி_வாத்தியார்
அவர் d4 வந்தா நீங்க சொல்றது சரி. வராம, c3-ல இருந்து b2 போய் a2-ஐத் தின்னா? அவர் சிப்பாய்க்கு வழி திறந்துரும், நீங்க e5 தின்னுட்டு ராஜாவை d4 பக்கம் கொண்டு வந்தாத்தான் அந்த a2 டிராவுக்குள்ள மாட்டாம இருக்கலாம். ஒரு மூவ் தேறுமா தேறாதான்னு இன்னும் எண்ணி முடிக்கலை. அவர் f5-க்கு எதிராவும் b2 போயிருக்கலாம், அதையும் சேத்துத்தான் பாக்கணும். இன்னிக்குக் கரண்ட் கட்டு, பலகை எடுத்து வெச்சுட்டு நாளைக்கு எழுதறேன்.